வாட்ஸ்அப் நிலைவரி

வாட்ஸ்அப் 2009 இல் ஜான் கூம் என்பவரால் தொடங்கப்பட்டபோது, அது செய்தி அனுப்பும் செயலியாக இருக்கவில்லை. தொலைபேசியிலுள்ள பெயருக்கு அருகே அவரவர் நிலையைக் காட்டுவதே அதன் பணி. உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கையில் அழைப்புகள் தவறிப்போனதே கூமுக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. ‘கூட்டத்தில் இருக்கிறேன்’, ‘அவசர அழைப்பு மட்டும்’ போன்ற வரிகள், அழைப்பவர் எண்ணை அழுத்துமுன்பே பதில் சொல்லிவிட்டன.

அவ்வாண்டே ஐபோனில் உடனடி அறிவிப்பு வசதி வந்தது. ஒருவர் நிலையை மாற்றியதும் நண்பர்களுக்கு அறிவிப்புச் சென்றது. அவர்களும் தம் நிலையை மாற்றி மறுமொழி கூறினர். செய்திச் சேவை இதிலிருந்தே பிறந்தது.

2017 பெப்ரவரியில் இவ்வரி நீக்கப்பட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படநிலை புகுத்தப்பட்டது. மாற்றும்வரை நிலைத்திருக்கும் வரியை இழந்த பயனர்கள் எதிர்த்தனர். அடுத்த மாதமே, 139 எழுத்துக்குறி வரம்புடைய அவ்வரி ‘About’ என்ற பெயரில் மீண்டது.