அன்பாண்டிங் காலம்

அன்பாண்டிங் காலம் என்பது ஸ்டேக்கிங்கில் வைத்த கிரிப்டோ நாணயத்தைத் திரும்பப் பெற விண்ணப்பித்த பிறகு, அது விற்கவோ அனுப்பவோ கூடியதாகக் கைக்கு வரும் வரை நீளும் கட்டாயக் காத்திருப்பு. காஸ்மோஸ் ஹப் வலையமைப்பிலும், அதே மென்பொருள் அடித்தளத்தில் இயங்கிய டெர்ரா வலையமைப்பிலும் இது 21 நாள். காத்திருக்கும் நாட்களில் நாணயம் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். ஆனால் அவரால் அதை விற்க முடியாது. சந்தை அமைதியாக இருக்கும்போது இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. 2022 மே மாதத்தில் டெர்ராவின் லூனா நாணயம் ஒரே வாரத்தில் ஏறத்தாழ முழு மதிப்பையும் இழந்தபோது, இந்த விதியின் முழு விலையும் வெளிப்பட்டது.

இயங்கும் முறை

ஸ்டேக்கிங் செய்பவர் தம் நாணயத்தை ஒரு வேலிடேட்டரின் பொறுப்பில் பிணைக்கிறார். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து பிளாக்குகளுக்குக் கையொப்பமிடுபவர் வேலிடேட்டர். அதற்குக் கிடைக்கும் வெகுமதியில் தம் தரகைக் கழித்துக்கொண்டு மீதியை நாணயம் பிணைத்தவர்களுக்குப் பங்கிடுவார். நாணயத்தைத் திரும்பப் பெற வாலட் செயலியில் ‘அன்ஸ்டேக்’ பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியிலிருந்து வெகுமதி நின்றுவிடும், 21 நாள் கணக்கு தொடங்கும். முடிவு நேரம் வலையமைப்பின் பதிவேட்டில் நொடி வரை எழுதப்பட்டிருக்கும். பதிவேடு உலகப் பொது நேரத்தில் இருப்பதால், இந்திய நேரத்தை அறிய ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காஸ்மோஸ் ஹப்பில் நடப்பிலுள்ள விதியை, இயங்கும் நோட் ஒன்றுடன் இணைந்து யாரும் நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம்:

```
gaiad query staking params
```

விடையில் `unbonding_time` என்ற வரியில் உள்ள காலத்தை நாளாக மாற்றினால் 21 வரும். `max_entries` என்ற வரியில் 7 என்றிருக்கும். ஒரே வேலிடேட்டரிடமிருந்து ஒருவர் ஒரே சமயத்தில் ஏழு விலகல்களை மட்டுமே காத்திருப்பில் வைக்கலாம் என்பது இதன் பொருள். பயத்தில் சிறிது சிறிதாகப் பலமுறை விலக முயல்பவர் எட்டாவது முறை தடுக்கப்படுவார்.

தருமபுரியில் ஒரு வங்கிக் கிளையில் போட்ட வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி கொஞ்சம் குறையும், பணம் கணக்குக்கு வந்துவிடும். அன்பாண்டிங்கில் அபராதம் கட்டி முன்கூட்டியே வெளியேறும் வழி கிடையாது. விதி நிரலில் எழுதப்பட்டிருப்பதால், அதைத் தளர்த்தச் சொல்லி முறையிட ஒரு மேலாளரும் இல்லை.

காத்திருப்பின் காரணம்

ஒரு வேலிடேட்டர் ஒரே உயரத்தில் இரண்டு வெவ்வேறு பிளாக்குகளுக்குக் கையொப்பமிட்டால் அது மோசடி. அப்போது அவரிடம் பிணைக்கப்பட்ட நாணயத்தில் ஒரு பகுதி அழிக்கப்படும். காஸ்மோஸ் ஹப்பில் இது 5 விழுக்காடு. ஸ்லாஷிங் எனப்படும் இந்தத் தண்டனை அவரிடம் நாணயம் பிணைத்த சாதாரண மக்களையும் பாதிக்கும். மோசடிக்கான சான்று சில நாள் கழித்தும் வெளிவரலாம். அதற்குள் நாணயத்தை எடுத்து விற்றுவிட முடியுமானால் தண்டிக்க எதுவும் மிஞ்சாது. பழைய சாவிகளை வைத்துப் போலி வரலாறு ஒன்றை உருவாக்கும் தாக்குதலையும் இதே காத்திருப்புதான் தடுக்கிறது. ஆகவே விலகும் நாணயமும் காத்திருப்பு முடியும் வரை தண்டனைக்கு உட்பட்டதே. விலகுபவருக்கு வெகுமதி நின்றுவிடுகிறது, பொறுப்பு மட்டும் தொடர்கிறது.

டெர்ரா வீழ்ச்சி, 2022 மே

டெர்ராவில் இரண்டு நாணயங்கள் பிணைந்திருந்தன. யுஎஸ்டி என்பது ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய நாணயம். லூனாவின் விலை சந்தையில் ஏறி இறங்கும். ஒரு யுஎஸ்டியை அழித்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா புதிதாக அச்சாகும் என்பதே இரண்டையும் கட்டிய விதி. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் லூனா 119 டாலர் அளவில் உச்சம் தொட்டது. மே 7 அன்று யுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து வழுக்கத் தொடங்கியது. அதை வைத்திருந்தவர்கள் அழித்து லூனாவாக்கி விற்றார்கள், லூனா விலை இறங்கியது. விலை இறங்க இறங்க, அதே ஒரு டாலருக்கு மேலும் அதிக லூனா அச்சிட வேண்டியதாயிற்று. லூனா ஒரு டாலராக இருந்தபோது ஒரு யுஎஸ்டிக்கு ஒரு லூனா போதும். விலை ஒரு சென்ட் ஆனபோது நூறு லூனா தேவைப்பட்டது. ஏறத்தாழ 34 கோடியாக இருந்த மொத்த லூனா சில நாட்களில் 6.5 லட்சம் கோடியாகப் பெருகியது.

இங்கேதான் அன்பாண்டிங் விதி மிகக் கடுமையாக வெட்டியது. புதிதாக அச்சான லூனாவுக்குக் காத்திருப்பு எதுவும் இல்லை, அந்த நிமிடமே சந்தைக்குப் போனது. வலையமைப்பை நம்பி நாணயம் பிணைத்திருந்தவர்களுக்கோ 21 நாள் பூட்டு. சரிவைப் பெருக்கிய நாணயம் தடையின்றி ஓட, வலையமைப்புக்குப் பாதுகாப்பாக நின்ற நாணயம் அசைய முடியாமல் கிடந்தது.

விலை மிகவும் மலிந்தபோது இன்னோர் ஆபத்தும் எழுந்தது. யாராவது மிகக் குறைந்த பணத்தில் கோடிக்கணக்கான லூனா வாங்கி, அதைப் பிணைத்து, வாக்குப் பெரும்பான்மையைக் கைப்பற்றலாம். அதைத் தடுக்க வேலிடேட்டர்கள் மே 12 அன்று சங்கிலியையே நிறுத்தி, புதிதாக நாணயம் பிணைப்பதை முடக்கும் திருத்தத்தைச் சேர்த்தார்கள். மே 13 அன்று சங்கிலி மீண்டும் ஒருமுறை நின்றது. சங்கிலி நிற்கும்போது காத்திருப்பு முடிந்த நாணயமும் கைக்கு வராது. அடுத்த பிளாக் உருவானால்தான் விடுவிப்பு நிகழும்.

100 லூனாவின் கணக்கு

அரூரில் ஒருவர் 100 லூனாவைப் பிணைத்து வைத்திருந்ததாகக் கொள்வோம். மே 9 காலை ஒரு லூனா சுமார் 60 டாலர், அவருடைய இருப்பு ஏறத்தாழ 4.6 லட்சம் ரூபாய். செய்தியைப் பார்த்ததும் அவர் அன்ஸ்டேக் பொத்தானை அழுத்துகிறார். முடிவு மிக விரைவானது, சரியானதும்கூட. ஆனால் நாணயம் கைக்கு வரும் நாள் மே 30.

மே 10 அன்று ஒரு லூனா 20 டாலருக்குக் கீழே வந்தது. மே 11 இரவில் ஒரு டாலர் அளவு, அதாவது மொத்த இருப்பு 8,000 ரூபாய்க்குள். மே 12 முடிவில் ஒரு சென்ட்டுக்கும் கீழ். மே 30 அன்று அவர் கைக்கு வந்த 100 லூனாவின் மொத்த மதிப்பு ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. எண்ணிக்கையில் ஒரு நாணயமும் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வலையமைப்பு தன் வாக்கை முழுமையாகக் காப்பாற்றியது. விலைக்கு அது வாக்குக் கொடுத்ததே இல்லை.

மே 9 அன்று விற்கும் நிலையில் இருக்க அவர் ஏப்ரல் 18 அன்றே விலகியிருக்க வேண்டும். அன்று எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்கவில்லை. ஆண்டுக்கு 7 விழுக்காடு வெகுமதி என்று வைத்துக்கொண்டால், 21 நாளுக்கு அது 0.4 விழுக்காடுதான் ஆகிறது. அந்த அளவு வரவுக்காக, மூன்று வாரம் விற்க முடியாத நிலையை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். வெகுமதி விகிதத்தை ஆண்டுக் கணக்கில் பார்ப்பவருக்கு இந்தப் பரிமாற்றம் கண்ணில் படுவதில்லை. பூட்டுக் காலத்தின் அளவில் பார்த்தால் உடனே தெரியும்.

மாற்று வழிகளும் எல்லைகளும்

வேலிடேட்டரை மாற்றும் ரீடெலிகேஷன் உடனே நடக்கும். சிலர் இதை வெளியேறும் வழி என்று தவறாக எண்ணுகிறார்கள். நாணயம் வேறொரு வேலிடேட்டரிடம் பிணைந்தே இருப்பதால் அதை விற்க முடியாது.

இரண்டாவது வழி லிக்விட் ஸ்டேக்கிங். நாணயத்தைப் பிணைத்ததற்கு ஈடாக விற்கக்கூடிய ஒரு டோக்கன் தரப்படும். டெர்ராவில் இந்தியர்கள் நிறுவிய ஸ்டேடர் லேப்ஸின் லூனாஎக்ஸ் அத்தகையது. டோக்கனைச் சந்தையில் விற்பவர் 21 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருப்பு மறைந்துவிடுவதில்லை. அதை வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார், அதற்குத் தள்ளுபடி கேட்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது தள்ளுபடி பெருகும். 2022 ஜூனில் ஸ்டேக் செய்த ஈதரைக் குறிக்கும் எஸ்டிஈத் டோக்கன், ஈதரைவிட 5 விழுக்காடு அளவு குறைந்த விலைக்கு விற்றது இதனால்தான்.

எல்லா வலையமைப்புகளிலும் காத்திருப்பு ஒன்றல்ல. கார்டானோவில் பூட்டே இல்லை. சொலானாவில் சில நாட்கள். எத்தீரியத்தில் நிலையான நாள் கணக்கு கிடையாது. ஒரு நேரத்தில் இத்தனை ஈதர்தான் வெளியேறலாம் என்ற வரிசையே பெரும்பாலும் காத்திருப்பைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பரில் அந்த வரிசை 40 நாளையும் தாண்டியது. கூட்டம் வெளியேறும் நாளில்தான் வரிசை நீள்கிறது என்பதால், அமைதியான நாளில் பார்த்த காத்திருப்பு நேரத்தை நம்பித் திட்டமிட முடியாது.

எக்ஸ்சேஞ்ச் பூட்டும் இந்திய வரியும்

எக்ஸ்சேஞ்ச் வழியாக ஸ்டேக்கிங் செய்பவருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று வலையமைப்பின் விதி, மற்றது நிறுவனத்தின் நிபந்தனை. முதலாவதின் முடிவு நாள் பதிவேட்டில் இருக்கும். இரண்டாவதுக்கு அப்படி உறுதி இல்லை. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தாக்கப்பட்டபின், களவுபோகாத நாணயங்களை வைத்திருந்தவர்களாலும் அவற்றை எடுக்க முடியவில்லை. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. சொத்துரிமை நிலைநாட்டப்பட்டாலும், முடங்கிய நாட்களில் விலை நகர்ந்ததை அது திருப்பித் தராது.

விற்று நட்டப்படுபவருக்கு இந்திய வரிச் சட்டமும் ஆறுதல் தருவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் மின்னணுச் சொத்து லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன் மேல் வரியும் உண்டு. ஒரு நாணயத்தில் ஏற்பட்ட நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. அரூர்க்காரர் லூனாவில் இழந்த 4.6 லட்சத்துக்குப் பிறகு, அதே நிதியாண்டில் வேறொரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம் பெற்றிருந்தால் அந்த ஒரு லட்சத்துக்கும் முழு வரி கட்ட வேண்டும்.

ஆகவே ஒரு நாணயத்தைப் பிணைக்கும் முன் கேட்க வேண்டியது அது ஆண்டுக்கு எவ்வளவு தரும் என்பது மட்டுமல்ல. விலகக் கேட்ட பிறகு எத்தனை நாள், அந்த நாட்களில் தேவைப்படக்கூடிய பணம் எவ்வளவு என்ற இரண்டையும் கணக்கிட்டு, அந்தப் பணத்துக்கு ஈடான நாணயத்தைப் பிணைக்காமல் வெளியே வைத்திருக்க வேண்டும். அன்ஸ்டேக் பொத்தான் விற்பனை ஆணை அல்ல. காத்திருப்பு முடியும் நாளின் விலைக்கு விற்க ஒப்புக்கொள்ளும் முடிவு அது.