விசா ஆவணச் சரிபார்ப்புப் பட்டியல்

விசா விண்ணப்பத்துக்குத் தேவையான தாள்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூலம், நகல், செல்லுபடியாகும் காலம், இப்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் அட்டவணை. விசா மையங்களும் இப்படி ஒரு பட்டியலைத் தருகின்றன. ஆனால் அது என்ன வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். எந்தத் தாள் எந்த நாளில் பயனற்றுப்போகும் என்பதைக் குடும்பம்தான் கணக்கிட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் போன்ற பேரூராட்சியிலிருந்து சென்னை விசா மையத்துக்குப் போகிறவர் ஒரு தாள் குறைந்தால் மறுபடியும் இரவு ரயிலோ பேருந்தோ ஏற வேண்டியிருக்கும். எனவே இந்தக் கணக்கை வீட்டிலேயே முடிப்பது நல்லது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க அரிமளத்திலிருந்து புறப்படும் ஒரு தந்தையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பயணம் 2025 ஜூன் 10 முதல் ஆகஸ்ட் 25 வரை, மொத்தம் 77 நாட்கள். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம் என்ற ஷெங்கன் வரம்புக்குள் இது அடங்குகிறது. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போதும் முடியாது. ஆகவே 2024 டிசம்பர் 10-க்கும் 2025 மே 26-க்கும் இடையில் மனு போய்ச் சேர வேண்டும். சென்னையில் ஏப்ரல் 7-இல் நேரம் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், மார்ச் 10-இல் அட்டவணை இப்படி இருக்கும்:

| ஆவணம் | மூலம் | நகல் | காலக்கெடு | நிலை |
|---|---|---|---|---|
| பாஸ்போர்ட் | கொடுக்க வேண்டும் | 1 | 2025 செப். 4-இல் முடிகிறது, 2025 நவ. 25 வரை வேண்டும் | போதாது, புதுப்பிக்க மனு |
| மகளின் செலவுப் பொறுப்பு உறுதிமொழி | கொண்டுபோக வேண்டும் | 1 | பிப். 5-இல் பெற்றது, 6 மாதம் | கையில் உள்ளது |
| பயணக் காப்பீடு | அச்சுப்படி | 1 | ஜூன் 10 – ஆக. 25 | எண் மாற்ற வேண்டும் |
| வங்கிக் கணக்கு அறிக்கை | வங்கி முத்திரையுடன் | – | கடைசி 3 மாதம் | ஏப்ரல் முதல் வாரம் வாங்க |
| உறவுச் சான்று | காட்ட வேண்டும் | 1 | காலக்கெடு இல்லை | பெயர் சரிபார்க்க |

முதல் வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் பத்து நாள் மிச்சமிருப்பதால் அது போதும் என்று தோன்றும். ஷெங்கன் விதிப்படி, அந்நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். கடைசி 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஆகவே காலக்கெடு கட்டத்தில் முடிவுத் தேதியை மட்டும் எழுதினால் பிழை கண்ணில் படாது. எந்த நாள் வரை வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தார் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத் திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் விண்ணப்பிக்கிறார்கள். புதிய புத்தகம் புதிய எண்ணோடு வரும். பழைய எண்ணைக் கொண்டு எடுத்த காப்பீடும் நிரப்பிய விண்ணப்பமும் அப்போது பொருந்தாமல் போகும். ஒரு வரி மாறும்போது அதைச் சார்ந்த வரிகளின் நிலையையும் திருத்துவது இந்த அட்டவணையின் தலையாய வேலை. காப்பீட்டுத் தொகை 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. எல்லா ஷெங்கன் நாடுகளிலும், பயணத்தின் எல்லா நாட்களிலும் அது செல்ல வேண்டும். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவைக் காட்டினால் போதும். விசா வருமுன் முழுப் பணம் கட்டுவது வீண் துணிச்சல்.

உறவுச் சான்றுக்குத் தேதிச் சிக்கல் இல்லை, பெயர்ச் சிக்கல் உண்டு. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே எழுதப்படாமல், பெண் குழந்தை என்று மட்டும் இருப்பது சாதாரணம். அப்பாவின் பெயர் ஒரு தாளில் முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் விரித்தும் இருக்கும். தந்தை, தாய் பெயர்கள் அச்சாகியிருக்கும் மகளின் பாஸ்போர்ட் கடைசிப் பக்க நகலைச் சேர்த்துவைத்தால் இந்த இடைவெளி பெருமளவு அடைபடும். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

நிலைக் கட்டத்தில் உண்டு, இல்லை என்று எழுதுவது போதாது. மனுச் செய்தது, கையில் உள்ளது, பெயரும் எண்ணும் ஒப்பிட்டது, கொடுத்தது, திரும்பி வந்தது என்று தேதியோடு எழுதலாம். கடைசி நிலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் விசாவோடு திரும்பியதும் ஒட்டியிருக்கும் விசாவில் பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் நாட்கள் ஆகியவற்றைப் பார்த்து, பிழை இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். உறுதிமொழி மூலத்தையும் திரும்ப வாங்கிக் கைப்பையில் வைக்க வேண்டும். ஜெர்மனி விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அதைக் கேட்கலாம்.