கெடு நாள் விடுமுறையில் வந்தால் தாமதத்தை எப்படி எண்ணுவது?

புக்கிட் பாத்தோக்கில் உள்ள உங்க வீட்டு மின்சார, தண்ணீர் பில்லுக்குக் கடைசித் தேதி 2026 நவம்பர் 8, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். அன்று தீபாவளி. ஞாயிறில் வருவதால் திங்களும் பொது விடுமுறை. நீங்க செவ்வாய், 10ஆம் தேதி கட்டுறீங்க. எத்தனை நாள் தாமதம்?

பில்லில் உள்ள தேதியே கெடு என்றால்: மறுநாளிலிருந்து எண்ணணும். 9, 10 என இரண்டு நாள். விடுமுறை நாளும் கணக்கில் சேரும்.

'அடுத்த வேலைநாள்' என்று விதிமுறையில் இருந்தால்: 10ஆம் தேதிதான் கெடு. தாமதமே இல்லை.

விடுமுறைன்னா கெடு தானாகவே தள்ளிப்போகும்னு நினைக்க வேண்டாம். சிங்கப்பூரின் பொருள்விளக்கச் சட்டம், 50ஆம் பிரிவு, அப்படித் தள்ளி வைக்கிறது உண்மைதான். ஆனால் அது சட்டங்கள் விதிக்கும் கெடுவுக்கு. பில் அனுப்பும் நிறுவனத்துடன் நீங்க செய்த ஒப்பந்தத்துக்கு அது தானாகப் பொருந்தாது.

அதனால் தாமதக் கட்டணம் வந்தால், முதலில் விதிமுறையில் 'வேலைநாள்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால் ஞாயிறுக்குள் கட்டிடுங்க. 'பேநவ்' விடுமுறையிலும் இயங்கும்.