கட்டாய விதி, வழிகாட்டு விதி

சட்டம் ‘செய்ய வேண்டும்’ என்கிறது, அதிகாரி செய்யவில்லை. அவர் பிறப்பித்த ஆணை செல்லுமா? மீறினால் ஆணையே செல்லாது என்றால் அது கட்டாய விதி, ஆங்கிலத்தில் மேண்டேட்டரி. கட்டளையிடுதலைக் குறிக்கும் ‘மாண்டாரே’ என்ற லத்தீன் வினையே இதற்கும் மாண்டமஸ் பேராணைக்கும் வேர். மீறினாலும் ஆணை நிற்கும் என்றால் அது வழிகாட்டு விதி, டைரக்டரி.

‘வேண்டும்’ என்ற சொல் மட்டும் இதைத் தீர்மானிக்காது. மன்போதன் லால் வழக்கில் (1957) உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவரைத் தண்டிக்கும் முன், அவரது கடைசி விளக்கத்தைத் தேர்வாணையத்துக்கு அனுப்பிக் கலந்தாலோசிக்கவில்லை. அரசியலமைப்பின் 320(3)(இ) கலந்தாலோசிக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் ஆணையத்தின் ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்தாது. எந்தெந்த விஷயங்களுக்கு ஆலோசனை தேவையில்லை என்று ஒழுங்குவிதி வகுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஊழியருக்கு அது தனி உரிமை எதையும் தரவில்லை. ஆகவே தண்டனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

311(2)இன் கதை வேறு. பதவிநீக்கத்துக்கு முன் ஊழியர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தருவது அவரைக் காக்கும் அரண். அதன் விதிவிலக்குகள் பொருந்தாத இடத்தில் அந்த வாய்ப்பை மறுத்தால் ஆணை நிற்காது. விதி யாரைக் காக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.