எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் எர்ரர் கோடும் வேகக் குறைப்பும்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் டிஸ்ப்ளேயில் ஓர் எச்சரிக்கைச் சின்னமோ எண்ணோ தோன்றுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுவதும் முறுக்கினாலும் வண்டி 20, 25 கி.மீ. வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. பெரும்பாலும் இது மோட்டார் கெட்டதன் அடையாளம் அல்ல. பேட்டரியையோ கன்ட்ரோலரையோ காப்பாற்றுவதற்காக வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் சென்டர்களில் இதை ‘லிம்ப் மோடு’ என்கிறார்கள். நடுச்சாலையில் வண்டி ஒரேயடியாக நின்றுபோவதற்குப் பதிலாக மெதுவாகவாவது வீடு சேர வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு இது. கோடு எந்தச் சூழலில் வருகிறது என்பதைக் கவனித்தால், உரிமையாளரே காரணத்தைப் பெருமளவு நெருங்கிவிடலாம்.

வேகத்தைக் குறைப்பது யார்

பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற சுற்று, ஒவ்வொரு செல் தொகுதியின் வோல்டேஜையும் சில இடங்களின் வெப்பத்தையும் இடைவிடாமல் அளக்கிறது. கன்ட்ரோலர் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. தன் சூட்டையும் மோட்டாரின் சூட்டையும் தானே கண்காணிக்கிறது. இரண்டும் தகவல் கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. “இவ்வளவு ஆம்பியருக்கு மேல் எடுக்காதே” என்று பி.எம்.எஸ். சொன்னால் கன்ட்ரோலர் அதற்குக் கட்டுப்படுகிறது. பேச்சே அறுந்துபோனால் சில வண்டிகள் மெதுவாக ஓடும், சில நின்றுவிடும்.

டிஸ்ப்ளேயில் தெரியும் எண், புகார் கொடுத்த பாகத்தையும் புகாரின் வகையையும் சொல்கிறதே தவிர, கெட்டுப்போன பொருள் எது என்று சொல்வதில்லை. ஷாவ்மியின் எம்365 என்ற நின்று ஓட்டும் ஸ்கூட்டரில் 21 என்ற எண், பேட்டரிச் சுற்றோடு தகவல் தொடர்பு இல்லை என்பதைக் குறிக்கிறது. காரணம் பி.எம்.எஸ். ஆக இருக்கலாம், கன்ட்ரோலராக இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே தளர்ந்த ஒரு கனெக்டராகவும் இருக்கலாம். இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் அதே 21 வேறொன்றைக் குறிக்கும். ஆகவே எண்ணுக்குப் பொருளை உங்கள் மாடலின் கையேட்டில் மட்டுமே பார்க்க வேண்டும். இணையத்தில் வேறு வண்டிக்காக எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்துப் பாகம் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

பாதிச் சார்ஜுக்குக் கீழே மட்டும் வரும் கோடு

அதிகம் குழப்பும் வகையை எண்களோடு பார்ப்போம். ஒரு பேட்டரியில் 14 செல் தொகுதிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் சுமார் 40 சதவீதம். நிற்கும்போது ஒவ்வொரு தொகுதியும் 3.6 வோல்ட், மொத்தம் 50.4 வோல்ட். 13 தொகுதிகளின் உள்தடை 0.015 ஓம். ஒன்று மட்டும் முதிர்ந்துபோய் 0.045 ஓம் ஆகியிருக்கிறது.

மேம்பாலம் ஏறும்போது 20 ஆம்பியர் இழுக்கிறது. நல்ல தொகுதிகள் 0.3 வோல்ட் இறங்கி 3.3-இல் நிற்கின்றன. முதிர்ந்தது 0.9 வோல்ட் இறங்கி 2.7-க்கு வருகிறது. பி.எம்.எஸ். வைத்திருக்கும் எல்லை 2.8 என்றால் அந்த நொடியே எச்சரிக்கை எழும். மொத்த வோல்டேஜ் அப்போதும் 45.6 இருப்பதால், டிஸ்ப்ளேயில் பேட்டரி அளவு நன்றாகவே தெரியும்.

இப்போது கன்ட்ரோலர் மின்னோட்டத்தை 10 ஆம்பியராகப் பாதியாக்குகிறது. முதிர்ந்த தொகுதியின் இறக்கம் 0.45 வோல்ட்தான், அது 3.15-இல் நிற்கிறது, எல்லைக்கு மேலே. மோட்டாருக்குக் கிடைக்கும் திறன் ஏறக்குறைய 910 வாட்டிலிருந்து 480 வாட்டாகக் குறைகிறது, வண்டி மெதுவாக ஆனால் பத்திரமாக ஓடுகிறது. லிம்ப் மோடின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

வண்டியை நிறுத்தினால் எல்லாத் தொகுதிகளும் மறுபடி 3.6-க்கு வந்துவிடும். முழுச் சார்ஜ் போட்டால் ஒவ்வொன்றும் 4.1 வோல்ட் அளவிலிருந்து தொடங்குவதால், முதிர்ந்த தொகுதி 0.9 இறங்கினாலும் 3.2-இல் நிற்கும், கோடு வராது. “சார்ஜ் போட்டதும் சரியாகிவிட்டது” என்று உரிமையாளர் நினைப்பதும், நிற்கும் வண்டியில் அளந்துபார்த்து “ஒன்றுமில்லை” என்று மெக்கானிக் சொல்வதும் இதனால்தான். இந்தக் கோளாறு சுமையில்தான் வெளிப்படும்; வண்டி ஓடும்போது ஒவ்வொரு தொகுதியின் வோல்டேஜையும் பதிவுசெய்தால் மட்டுமே பிடிபடும்.

இதே அறிகுறியோடு வரும் இன்னொரு கோளாறு, தொகுதிகளுக்கிடையே சார்ஜ் அளவு சமமில்லாமல் போவது. அதில் வித்தியாசம் வண்டி நிற்கும்போதே தெரியும். பி.எம்.எஸ். இதைச் சிறுகச் சிறுகச் சமன் செய்யக்கூடியது, ஆனால் பல வண்டிகளில் முழுச் சார்ஜை நெருங்கும்போது மட்டுமே செய்யும், அதுவும் மிக மெதுவாக. சமன்படுத்தும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியர் என்றால் ஓர் ஆம்பியர்-மணி வித்தியாசத்தைத் தீர்க்க 20 மணி நேரம் வேண்டும். எப்போதும் 80 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றுபவர்கள், கையேடு தடுக்காதவரை, சில நாள் 100 சதவீதம் வரை ஏற்றி, பகலில், கண்பார்வையில், கூடுதலாக ஓரிரு மணி நேரம் இணைப்பில் விட்டுப் பார்க்கலாம். கோடு மறைந்தால் சமமின்மைதான் காரணமாக இருந்திருக்கும். மறுபடி அதே சார்ஜ் அளவில், அதே மேட்டில் வந்தால் தொகுதி முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சார்ஜ் போட்டு அதைக் குணப்படுத்த முடியாது.

சூடு, ஈரம், அதிர்வு

வெயிலில் 20 நிமிடம் ஓடிய பிறகு வந்து, நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்தியதும் போய்விடும் கோடு சூட்டால் வருவது. கன்ட்ரோலரின் உள்வெப்பம் 80, 90 டிகிரியை நெருங்கும்போது பல வடிவமைப்புகள் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. இதில் மின்சாரத்தைத் தேடுவதற்கு முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். டயரில் காற்று குறைந்தாலோ பிரேக் உரசிக்கொண்டே இருந்தாலோ அதே வேகத்துக்கு அதிக ஆம்பியர் தேவைப்படும், சூடும் ஏறும். சாவியை அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் உரசல் உடனே தெரியும். ஹப் மோட்டார் உள்ள சக்கரத்தில் காந்தத்தின் லேசான தடை இருக்கும், அது இயல்பு. ஆனால் ‘சர்’ரென்று உரசும் ஒலி கேட்டாலோ ஓட்டிய பின் பிரேக் டிரம் கைவைக்க முடியாதபடி சுட்டாலோ பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும்.

மழைக்குப் பிறகோ வாட்டர் சர்வீஸுக்குப் பிறகோ வரும் கோடு, பள்ளத்தில் இறங்கும்போது மின்னி மறையும் கோடு, ஹேண்டிலைத் திருப்பும்போது வரும் கோடு ஆகியவை பெரும்பாலும் கனெக்டரையோ ஒயரையோ சுட்டுகின்றன. ஈரமானால் காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் நிறுத்தி உலரவிடலாம். உயர் அழுத்த நீரை இருக்கைக்கு அடியிலும் கால்வைக்கும் பலகைக்கு அடியிலும் அடிக்கக் கூடாது.

உரிமையாளர் செய்யக்கூடியவை

முதல் வேலை, வண்டியை ஓரம்கட்டி டிஸ்ப்ளேயை போட்டோ எடுப்பது. சாவியை அணைத்ததும் பல கோடுகள் அழிந்துவிடும். சார்ஜ் சதவீதம், ஓடிய தூரம், மேடா சமதளமா, பின்னால் ஆள் இருந்தாரா என்பதையும் அப்போதே குறித்துவைக்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் கோளாறைப் பிடிக்க வழிகாட்டுவது இந்தக் குறிப்புதான்.

கோடு எதுவும் இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் எகானமி மோடு விழுந்திருக்கிறதா, சார்ஜ் மிகக் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். சார்ஜ் குறைந்ததும் வேகத்தைத் தானே கட்டுப்படுத்துவது பல மாடல்களில் இயல்பான அமைப்பு. பிரேக் பிடிக்காமலேயே பிரேக் விளக்கு எரிந்தால் லீவரில் உள்ள சுவிட்ச் சிக்கியிருக்கிறது. அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்தும்.

பிறகு சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, ஒரே ஒரு முறை மறுபடி இயக்கிப் பார்க்கலாம். கோடு திரும்பி வந்தால் திரும்பத் திரும்ப ரீசெட் செய்து ஓட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பலவீனமான தொகுதி மறுபடி எல்லைக்குக் கீழே தள்ளப்படுகிறது.

ஹெட்லைட் மங்கி, ஹாரன் கம்மி, டிஸ்ப்ளே விட்டுவிட்டு எரிந்தால் சந்தேகம் சிறிய 12 வோல்ட் பேட்டரிமீது திரும்ப வேண்டும். அது தளர்ந்தால் கன்ட்ரோலர் போன்ற பாகங்கள் பொய்க் கோடுகள் காட்டும். லெட்-ஆசிட் வகையானால் ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 11.8-க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இதை மல்டிமீட்டரில் பார்க்கலாம், பெரிய பேட்டரியின் முனைகளில் மீட்டர் வைக்க வேண்டாம்.

கழற்றி எடுக்கும் பேட்டரியானால், சாவியையும் இருந்தால் எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு, மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, பிளக்கைக் கண்ணால் பார்க்கலாம். கருகல், உருகிய பிளாஸ்டிக், பச்சைப் பூச்சு தெரிந்தால் தொடாமல் மூடிவிடுங்கள்.

கைவைக்கக் கூடாதவை

பேட்டரிப் பெட்டியைத் திறப்பது, பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேர் ஒயர் கொடுப்பது, கன்ட்ரோலரைப் பிரிப்பது ஆகியவை வீட்டு வேலையல்ல. வேகம் திரும்ப வேண்டுமென்று தெரு முனைக் கடையில் பி.எம்.எஸ். கட்டுப்பாட்டை நீக்கித் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2.7 வோல்ட்டில் எச்சரிக்கை கொடுத்த தொகுதி, அதன்பின் யாரும் கேட்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அப்படிக் காலியான செல்லைப் பிறகு சார்ஜ் செய்யும்போது உள்ளே குறுக்குச் சுற்று உண்டாகித் தீப்பிடிக்கலாம். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்னூட்டம் வைத்திருக்கும்; பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே விழும் ஸ்பானர் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் உருகும்.

கோடு எதுவானாலும், நிறுத்திய வண்டியின் பேட்டரி தானாகச் சூடேறினால், பெட்டி உப்பினால், இனிப்பான கரைப்பான் வாசம் வந்தால், ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் சோதனையை அங்கேயே விட்டுவிட வேண்டும். சார்ஜ் போடக் கூடாது. புகை வந்துவிட்டால் வண்டியை இழுக்க முயலாமல் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போடப்பட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். எர்ரர் கோடு காட்டிய பேட்டரியை வீட்டின் ஒரே வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ இரவு முழுவதும் சார்ஜில் விடாதீர்கள். அந்த ஆண்டில் நடந்த தீ விபத்துகளுக்குப் பின் ஏ.ஐ.எஸ்.-156 என்ற இந்தியப் பாதுகாப்பு விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது எர்ரர் கோடையும், அது வந்த சார்ஜ் சதவீதத்தையும், சூழலையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சுமையில் எடுத்த செல் வோல்டேஜ் பதிவைக் கேளுங்கள். ரீசெட் மட்டும் செய்து திருப்பித் தந்தால், அதையும் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி காலம் முடிவதற்குள் அதே கோளாறு திரும்பியது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.