புள்ளி தானாக விழும் விசைப்பலகை

கிண்டியைத் தாண்டித் தாம்பரம் போகும் மின்ரயிலில் நிலையப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் புள்ளியில்லாத பெயரே கண்ணில் படாது. பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். மீனம்பாக்கத்தில் மூன்று புள்ளி. "மீனம்பாக்கம் தாண்டியாச்சு" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போது அந்த மூன்றையும் கைபேசியில் யார் வைக்கிறார்கள், நாமா விசைப்பலகையா? இந்தக் கதை அந்தக் கேள்வியைச் சுற்றியதுதான்.

கணினிக்குள் தமிழ் எழுத்து நாம் எழுதுகிற மாதிரி உட்காருவதில்லை. யூனிகோடில் 'ம்' ஓர் எழுத்தல்ல. 'ம' ஒன்று, புள்ளி இன்னொன்று. 'மீ' என்பதும் 'ம'வும் ஈகாரக் குறியும் சேர்ந்தது. இப்படிப் பிரித்தால் மீனம்பாக்கம் என்ற ஏழெழுத்துச் சொல் பன்னிரண்டு துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விசை என்று வைத்தால் பன்னிரண்டு தட்டு. ஆங்கில ஒலிப்படி தட்டினாலும் நீளம்தான்: தாம்பரத்துக்கு `thaamparam` என்று பத்துத் தட்டு வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட்99' மாநாடு கூடியது. அதுவரை தட்டச்சுப் பொறி முறை, ஒலிப்பு முறை என்று ஆளுக்கொரு அமைப்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு அதே ஆண்டில் ஒரு பொது அமைப்பை ஏற்றது. அதுதான் தமிழ்99. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தோரு விசைகள். உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிர்க்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. சொல்லின் முதலில் 'ஈ' தட்டினால் ஈ. மகரத்தை அடுத்துத் தட்டினால் மீ. ஆய்தத்துக்கும் புள்ளிக்கும் ஒரே விசை. மெய்யை அடுத்து வந்தால் அது புள்ளி, மற்ற இடத்தில் ஆய்தம்.

ஆனால் அந்த அமைப்பின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்: 'க' 'க' என்றால் 'க்க'. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் விழும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. உள்ளே நடப்பது இவ்வளவுதான்:

```
ம        →  0BAE
ம + ப    →  0BAE 0BCD 0BAA
```

நடுவில் நுழைந்த 0BCD தான் புள்ளி. இனி மீனம்பாக்கத்தைத் தட்டுங்கள்: ம, ஈ, ன, ம, ப, ஆ, க, க, ம, புள்ளி. பத்துத் தட்டு. மூன்று புள்ளியில் இரண்டை விசைப்பலகையே வைத்துவிட்டது; கடைசி 'ம்'முக்கு மட்டும் நம் விரல் வேண்டும். தாம்பரம் ஏழு தட்டு.

ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். படிப்பவர்தான் எந்த மெய் ஒற்று என்று இடம் பார்த்து உணர்ந்து படித்தார். இன எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது அவருக்குத் தயக்கம் அதிகம் இருந்திருக்காது, ஏனென்றால் தமிழில் அங்கே ஒற்று வருவதே வழக்கம். தமிழ்99 அந்த வாசிப்பை ஒரு விதியாக்கியது. ஆங்கிலப் பலகையின் மேல் தமிழை ஒட்டவைக்காமல், தமிழ்ச் சொல் எப்படி அமைகிறது என்பதிலிருந்தே பிறந்ததால்தான் இதை நான் மற்ற எல்லா அமைப்புக்கும் மேலாக வைக்கிறேன்.

கைபேசிக்கு இது வந்த வழி சுற்றுவழி. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினிக்கு முரசு அஞ்சல் செய்தவர். அவர் உருவாக்கிய 'செல்லினம்' 2005இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் வெளிவந்தது. அன்றைய கைபேசியில் எண் விசைகள்தான். பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்காது. போதாக்குறைக்கு, யூனிகோடில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு எழுபது இடம்தான். மீனம்பாக்கம் ஒன்றே அதில் பன்னிரண்டைத் தின்றுவிடும். தொடுதிரை வந்த பிறகே முழு விசைப்பலகையைக் கைபேசியில் விரிக்க முடிந்தது. செல்லினத்தில் தமிழ்99 இடம்பெற்றது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7இல் ஆப்பிளே தமிழ்99ஐயும் அஞ்சல் முறையையும் சேர்த்தது.

திரையில் வந்ததும் புதுச் சிக்கல்கள். ஆங்கிலத்துக்கு மேல்வரிசையில் பத்து விசை போதும், தமிழ்99க்குப் பன்னிரண்டு. விசை ஒடுங்க ஒடுங்கக் கட்டைவிரல் பக்கத்து எழுத்தில் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், கணினியில் யாரும் அதிகம் யோசிக்காத ஒன்று: விரல் எங்கே வேண்டுமானாலும் தொடும். பாதிச் சொல்லில் நிறுத்தி, மேலே இருக்கும் வரியைத் தொட்டு, அங்கே ஓரெழுத்தைச் சேர்க்கிறோம். 'கடைசியாகத் தட்டியது ம' என்று விசைப்பலகை தன் நினைவில் வைத்திருந்தால், தொட்ட புது இடத்தில் சம்பந்தமில்லாமல் புள்ளியோ குறியோ விழும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் குறிமுள்ளுக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று திரையையே கேட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி.

அழிக்கும் விசையும் அப்படியே. 'ம', 'ப' தட்டி 'ம்ப' ஆனது. ப தவறு என்று அழித்தால் 'ம்' மிஞ்சவேண்டுமா, 'ம' மிஞ்சவேண்டுமா? புள்ளியை வைத்தது நாமல்ல, விசைப்பலகை. அது வைத்ததை அதுவே எடுத்துக்கொள்வதுதான் நியாயம். எடுக்காமல் விட்டு, அடுத்து 'ஆ' தட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு காலைப் போட்டால், புள்ளிக்குப் பின்னால் கால் ஒட்டாமல் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் திரையில் தோன்றும். அந்த வட்டத்தைக் கண்டால், விசைப்பலகை முன்னெழுத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தானியங்கிப் புள்ளி தவறும் இடங்களும் உண்டு. கிண்டிக்கு மேற்கே நந்தம்பாக்கம் இருக்கிறது. ந, ந என்று தொடங்கினால் 'ந்ந' ஆகிவிடும். சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் சமபந்தி விருந்தை அப்படியே தட்டினால் சம்பந்தி விருந்தாகிவிடும். சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் விருந்தா என்று ஊர் கேட்கும். பொருள் தெரியாத விதி இரண்டுக்கும் வேறுபாடு காணாது. இதற்குத்தான் தமிழ்99இல் அகர விசை இருக்கிறது: ச, ம, அ, ப என்று தட்டினால் மகரம் அங்கேயே முடிந்தது என்று பொருள், புள்ளி விழாது. இந்த ஒரு வசதியைச் சொல்லிக்கொடுக்காததால் எத்தனையோ பேர் புள்ளி தப்பாக விழுகிறது என்று தமிழ்99ஐயே விட்டுவிட்டார்கள்.

உயிர்க்குறியில் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. 'கௌரவம்' என்பதைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று அடுக்கிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. குறிகளைத் தனித்தனி விசையாகக் கொடுக்கும் பலகைகளில் இது எளிதில் நேர்கிறது. தமிழ்99இல் க, ஔ என்ற இரண்டே தட்டு என்பதால் ளகரம் புகவே இடமில்லை. சந்தேகமிருந்தால் அந்த எழுத்துக்குப் பின்னால் குறிமுள்ளை வைத்து ஒருமுறை அழியுங்கள். 'கெ' மிஞ்சினால் எழுதியது தவறு.

புதிதாகத் தமிழ் விசைப்பலகை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன் மூன்று சொற்களை உங்கள் கைபேசியில் தட்டிப் பாருங்கள்: நந்தம்பாக்கம், சமபந்தி, கௌரவம். பிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் விரலை வைத்து ஓரெழுத்தை அழித்துத் திரும்பத் தட்டுங்கள். மூன்றும் பிசகாமல் வந்தால் மட்டும் எங்களிடம் கொடுங்கள்.