கட்டுரைக் கேள்விக்குத் தரநிலை அமைப்பது எப்படி?

"1946-இல் வந்த மலாயன் யூனியன் 1948-இலேயே கைவிடப்பட்டது ஏன்?" இந்தக் கேள்விக்கு 12 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். காரணத்துக்கு ஒரு மதிப்பெண்னு பட்டியல் போட்டுத் திருத்துனா என்ன ஆகும்?

ஒரு மாணவர் ஆறு காரணங்களை ஒற்றை வரிகளாக அடுக்குகிறார். அவருக்கு 6. இன்னொருவர் இரண்டை மட்டும் விளக்குகிறார்: மெக்மைக்கேல் நெருக்கிக் கையொப்பம் வாங்கியதால் மனம் கொதித்த சுல்தான்கள், ஏப்ரல் 1-இல் ஆளுநர் பதவியேற்பைப் புறக்கணித்தார்கள், சிதறிக் கிடந்த எதிர்ப்பை மே மாதம் உருவான அம்னோ ஓரணியாக்கியது. இவருக்கு 2 தானா?

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தரநிலை அமைப்போம்.

1–3: காரணங்களைப் பெயர் சொல்லி நிறுத்துகிறார்.
4–8: காரணம் எப்படி விளைவை உண்டாக்கியது என விளக்குகிறார்.
9–12: விளக்கிய காரணங்களை ஒப்பிட்டு, எது முக்கியம் என ஆதாரத்தோடு முடிவு சொல்கிறார்.

இப்போ முதல்வருக்கு 3, இரண்டாமவருக்கு 7. சுல்தான்களின் அதிருப்தியை விட, அது அமைப்பாகத் திரண்டதே பிரிட்டிஷாரைப் பணிய வைத்தது என்று அவர் நிறுவியிருந்தால் 9-ஐத் தாண்டியிருப்பார்.

பயன்படுத்தும் முன் ஐந்து விடைத்தாள்களை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்திப் பாருங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் "நன்கு விளக்குகிறார்" போன்ற தெளிவில்லாத சொல்தான் காரணம். "காரணத்தை விளைவோடு இணைக்கிறார்" என மாற்றுங்கள். ஆனா 'அதனால்'னு எழுதியிருந்தா மட்டும் போதாது. அதன் பின் வருவது உண்மையிலேயே அந்தக் காரணத்தின் விளைவா என்று பார்க்கணும்.